வீட்டுச் செலவில் தொடங்கும் கணக்கு

(திருப்பூரில் இளம் பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கைக்குழந்தையோடு வந்திருக்கிறவர்கள் பின்வரிசையில் மின்விசிறிக்குக் கீழே உட்காருங்கள். குழந்தை அழுதால் எழுந்து போக வேண்டாம். நான் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். இந்தக் கூட்டமே அந்தக் குழந்தைகளுக்காகத்தான்.

முப்பது வருடங்களுக்கு மேல் ஆயுள் காப்பீட்டில் வேலை செய்தவன் நான். பாதிக் காலம் பாலிசி எழுதினேன், மீதிக் காலம் இறப்புக்குப் பிறகு பணம் வழங்கும் பிரிவில் இருந்தேன். முதல் பாதியில் என்னிடம் வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “எத்தனை லட்சத்துக்குப் போடலாம்?” நானும் ஒரே பதிலைத்தான் சொன்னேன்: “வருஷச் சம்பளத்தைப் போலப் பத்து மடங்கு.” இரண்டாம் பாதியில் அந்தப் பணத்தை வாங்க வந்த பெண்களைப் பார்த்த பிறகுதான் அந்தப் பதிலில் எவ்வளவு விட்டுப்போயிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஒரே சம்பளம், ஒரே தொகை. ஒரு வீட்டில் அது மகன் படிப்பு முடியும்வரை வந்தது. இன்னொரு வீட்டில் கடன்காரர்களுக்குக் கொடுத்ததோடு தீர்ந்துபோனது.

பத்து மடங்கு, இருபது மடங்கு என்கிற இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு நல்ல சிந்தனை இருக்கிறது. 1920களில் அமெரிக்காவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளியில் காப்பீடு கற்பித்த சாலமன் ஹியூப்னர் என்ற பேராசிரியர், மனித உயிருக்கும் ஒரு பொருளாதார மதிப்பு உண்டு என்றார். ஒருவர் இனி சம்பாதிக்கப்போகும் பணத்தில் அவருடைய சொந்தச் செலவு போக, குடும்பத்துக்குப் போய்ச் சேரும் பகுதி எவ்வளவோ, அதன் இன்றைய மதிப்பே அது. இதில் ‘குடும்பத்துக்குப் போய்ச் சேரும் பகுதி’ என்பதுதான் உயிரான சொல். நாளடைவில் அது உதிர்ந்துபோய், மடங்கு மட்டும் மிஞ்சியது.

ஆகவே இன்று சம்பளத்தைக் கடைசியில்தான் தொடப்போகிறோம். தொடங்குவது வீட்டுச் செலவில்.

நான் போட்டுக் கொடுத்த கணக்கு ஒன்றை அப்படியே சொல்கிறேன். பெயர் வேண்டாம். தம்பிக்கு வயது 33. இங்கே ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். மனைவிக்கு 29, பி.காம். படித்து, குழந்தை பிறக்கும்வரை கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். மகளுக்கு 3 வயது. தம்பியின் அப்பா இல்லை. அம்மாவுக்கு 60 வயது, ஊரில் தனியாக இருக்கிறார். கையில் வரும் சம்பளம் மாதம் 66,000 ரூபாய்.

தம்பி தனியாகத்தான் வந்தார். மனைவியை அழைத்து வந்தால்தான் கணக்குப் போடுவேன் என்று திருப்பி அனுப்பினேன். அடுத்த ஞாயிறு இருவரும் வந்தார்கள். கடன் என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன். வீட்டுக் கடன் 28 லட்சம் பாக்கி, இன்னும் 20 வருடம், வட்டி 8.5 சதவீதம், தவணை 24,300 என்று தம்பி மளமளவென்று சொன்னார். அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதான் என்றார். பக்கத்திலிருந்த அம்மிணி மெதுவாக, “ஏனுங்க, அந்தச் சீட்டு?” என்றார்.

சீட்டு நமக்குச் சேமிப்பாகவே மனதில் பதிந்திருக்கிறது. ஏலத்தில் எடுக்கும்வரை அது சேமிப்புத்தான். எடுத்த நாளிலிருந்து மீதித் தவணை முழுவதும் கடன். இவர் எடுத்து, வீட்டு முன்பணத்தில் போட்டுவிட்டார். இன்னும் 12 தவணை, ஒவ்வொன்றும் 5,000; ஆக 60,000. அதைச் சொன்ன பிறகு நகைக்கடனும் வெளியே வந்தது: ஐந்து பவுன் வைத்து 2 லட்சம், மாத வட்டி மட்டும் 1,500 கட்டிவருகிறார். நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்றும் கேட்டேன். நல்லவேளையாக இல்லை. ஜாமீன் போட்டவர்கள் அதைக் கடன் பட்டியலின் கீழே தனியாக எழுதி வையுங்கள். ஆள் போன பிறகு வீட்டு வாசலில் வந்து நிற்பது பெரும்பாலும் அதுதான்.

இப்போது 66,000 எங்கே போகிறது என்று பார்த்தோம். வீட்டுத் தவணை 24,300, சீட்டு 5,000, நகை வட்டி 1,500, அம்மாவுக்கு 4,000, பழைய எண்டோமென்ட் பாலிசிக்கு 2,200. மீதி 29,000 வீட்டுச் செலவு. பள்ளி, மளிகை, மின்சாரம், பெட்ரோல், எல்லாம் அதற்குள்.

அந்த 29,000த்தில் தம்பியின் சொந்தச் செலவு எவ்வளவு? வண்டி, போன், வெளிச்சாப்பாடு, துணிமணி எல்லாம் சேர்த்து 7,000 என்று மனைவிதான் சொன்னார். அவர் இல்லாவிட்டால் அது இல்லை. சொல்லக் கடினமான வாக்கியம் இது, ஆனாலும் கணக்கில் அது வேண்டும். அதே நேரம், அவர் இல்லாவிட்டால் புதிதாக முளைக்கும் செலவும் உண்டு. மகளைப் பள்ளியில் விடுவது அவர். இனி வேன் வைக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு நிறுவனம் கொடுப்பது. வேலையோடு அதுவும் போய்விடும், மனைவியும் மகளும் தனியாக எடுக்க வேண்டும். இதற்கெல்லாம் 2,000 என்று வைத்தோம். ஆக 29,000த்தில் 7,000 போய், 2,000 சேர்ந்து, மாதம் 24,000. வருடத்துக்கு 2.88 லட்சம்.

வீட்டுத் தவணையை இதில் நான் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். படித்தவர்களே இந்த இடத்தில் தவறுகிறார்கள். கடனைக் கணக்கில் கொண்டுவர இரண்டு வழி உண்டு. ஒன்று, பாக்கி அசலான 28 லட்சத்தைத் தனியாக எழுதுவது. மற்றொன்று, மாதச் செலவில் தவணையைச் சேர்ப்பது. இரண்டையும் செய்தால் ஒரே கடனை இருமுறை அடைப்பதாகிவிடும். 24,300ஐ இருபது வருடத்துக்குப் பெருக்கினால் 58 லட்சத்துக்கு மேல். அவ்வளவு பிரீமியம் வீண். சம்பளத்தைப் போல இத்தனை மடங்கு என்று போட்டுவிட்டு அதன்மேல் கடனைக் கூட்டச் சொல்கிறவர்களும் இதே பிழையைத்தான் செய்கிறார்கள். சம்பளத்துக்குள்ளேயே தவணை இருக்கிறது அல்லவா? பாக்கி அசலை எழுதும் வழிதான் எனக்குப் பிடிக்கும். கையில் பணம் வந்ததும் வங்கிக் கடனை அடைத்துப் பத்திரத்தை மீட்டுவிட்டால், அந்தப் பெண்ணின் தலையிலிருந்து ஒரு பெரிய சுமை இறங்கும்.

“வங்கியே கடனுக்குக் காப்பீடு போட்டிருக்கிறதே” என்று இங்கே யாரோ நினைப்பது எனக்குக் கேட்கிறது. இருக்கலாம். அந்தச் சான்றிதழை எடுத்து மூன்று இடங்களைப் படியுங்கள். யார் பெயரில் இருக்கிறது? கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வாங்கிய கடனில் ஒருவர் உயிருக்கு மட்டும் காப்பீடு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். எத்தனை வருடத்துக்கு? கடன் இருபது வருடம், காப்பீடு பத்து வருடம் என்று இருப்பதும் உண்டு. மூன்றாவது, ஒவ்வொரு வருடமும் எவ்வளவாகக் குறைகிறது? அந்தக் குறைவு, கடன் வாங்கிய நாளின் வட்டியை வைத்து அச்சிட்ட அட்டவணைப்படி நடக்கிறது. 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5க்குப் போனது. பல வங்கிகள் தவணையைக் கூட்டாமல் காலத்தை நீட்டின. கடன் நீண்டது, காப்பீட்டு அட்டவணை நீளவில்லை. இந்தத் தம்பியிடம் அப்படிப்பட்ட காப்பீடு இல்லாததால் 28 லட்சத்தையும் எழுதினோம். நகைக்கடனும் சீட்டும் சேர்ந்து கடன் வரி 30.6 லட்சம்.

அடுத்தது, யாருக்கு எத்தனை வருடம். ‘சார்ந்திருப்போர் மூன்று பேர்’ என்று படிவத்தில் எழுதுகிறோம். மூவரின் தேவையும் ஒரே நாளில் முடிவதில்லை. மகள் 22, 23 வயதில் சொந்தக் காலில் நிற்பாள் என்று வைத்தால் இருபது வருடம். அதுவரை வீடு நடக்க வருடத்துக்கு 2.88 லட்சம். அதன் பிறகு மனைவிக்கு 49 வயது. அத்தோடு அவருக்குச் செலவு நின்றுவிடுமா? பாலிசி எழுதுகிறவர்கள் அதிகம் மறக்கும் வரி இதுதான், முன்பு நானும் மறந்திருக்கிறேன். பிள்ளை வளரும்வரை கணக்குப் போட்டுவிட்டு, வளர்த்த தாயின் முதுமையை விட்டுவிடுகிறோம். 49இலிருந்து 85 வரை 36 வருடம். சொந்த வீடு, ஒரு ஆள், மாதம் 12,000 என்று மிகச் சிக்கனமாக வைத்தோம். தம்பியின் அம்மாவுக்கு இப்போது 4,000 போகிறது. வயதாக ஆக மருந்துச் செலவு ஏறும் என்பதால் 6,000 ஆக்கி, 25 வருடம் வைத்தோம்.

இந்த வருடங்களை எதால் பெருக்குவது? விலைவாசி ஏறுமே, இன்றைய 24,000 பதினைந்து வருடம் கழித்து என்ன ஆகும் என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. ஒரு பக்கம் செலவு வருடத்துக்கு ஏறக்குறைய 6 சதவீதம் ஏறும் என்று வையுங்கள். மறுபக்கம், கையில் இருக்கும் பணம் வங்கி வைப்பிலோ அஞ்சலகத்திலோ 6, 7 சதவீதம் வளரும். ஏற்றமும் வளர்ச்சியும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. அதனால் இன்றைய வருடச் செலவை வருடங்களால் நேரே பெருக்கினால் போதும். இருபது வருடத்துக்கு இருபது மடங்கு. பள்ளிக்கூடப் பெருக்கல்தான்.

இது எங்கே பொய்யாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வந்த பணத்தை அப்படியே சேமிப்புக் கணக்கில் விட்டால் வட்டி 3 சதவீதத்தைத் தாண்டாது. அப்போது இருபது வருடத்துக்கு என்று வைத்த பணம் பதினாறு வருடத்தில் தீர்ந்துவிடும். இந்த வீட்டில் அப்போது மகளுக்கு 19 வயது. கல்லூரியில் பாதியில் இருப்பாள். மறுபுறம், பணத்தை விலைவாசியைவிட ஒரு சதவீதம் கூடுதலாக வளர்க்கத் தெரிந்தவருக்கு இந்தத் தொகை குறையும். முதல் இருபது வருடத்துக்குப் பெரிதாகக் குறையாது, 57.6 லட்சம் 52.5 ஆகும். மனைவியின் முதுமைக்கான பணமோ இருபது வருடம் தொடாமல் வளரக்கூடியது. அங்கே 52 லட்சம் 36 ஆகிவிடும். அப்படியும் நான் அந்த ஒரு சதவீதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. துக்கத்தில் இருக்கும் ஒரு பெண் முதல் இரண்டு மூன்று வருடம் முதலீட்டைக் கவனிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகப் படவில்லை.

இனிக் கூட்டுவோம். வீட்டுச் செலவு 2.88 லட்சம், இருபது வருடம்: 57.6 லட்சம். மனைவியின் பிற்காலம் 1.44 லட்சம், 36 வருடம்: 51.84 லட்சம். அம்மாவுக்கு 72,000, 25 வருடம்: 18 லட்சம். கடன்கள் 30.6 லட்சம். மகளின் கல்லூரிப் படிப்புக்கு இன்றைய விலையில் 12 லட்சம். காப்பீட்டுப் பணம் வந்துசேரும்வரையுள்ள மாதங்களுக்கும் காரியச் செலவுக்கும் 3 லட்சம். கல்யாணத்துக்கு எவ்வளவு என்று தம்பி கேட்டார். அம்மிணி குறுக்கிட்டு, “என் நகை இருக்குதுங்க ஐயா, அது போதும். படிப்புக்கு எழுதுங்க” என்றார். நான் மனமாரப் பேனாவை எடுத்து வைத்துவிட்டேன். மொத்தம் 1 கோடியே 73 லட்சம்.

இதில் எதைக் கழிக்கலாம்? ஒவ்வொரு சேமிப்பையும் இரண்டு கேள்வி கேளுங்கள். அவர் இறந்த மறுமாதம் அது பணமாக மாறுமா? மாறினாலும், வீட்டுக்காரி அதைச் செலவுக்கு எடுக்க மனமும் உரிமையும் இருக்குமா? குடியிருக்கும் வீடு இதில் தேறாது. விற்றால் வாடகை கொடுக்க வேண்டும், அந்த வாடகையை நாம் மாதச் செலவில் எழுதவில்லை. ஊரில் பாகம் பிரிக்காத காடும் தேறாது. நகையை அம்மிணி ஏற்கெனவே மகளுக்கு ஒதுக்கிவிட்டார். தேறியவை மூன்று. வருங்கால வைப்பு நிதியில் 5 லட்சம், வங்கி வைப்பு 2 லட்சம், பழைய பாலிசியின் காப்பீட்டுத் தொகை 5 லட்சம். ஆக 12.

நிறுவனம் கொடுத்திருக்கும் 20 லட்ச ரூபாய் குழுக் காப்பீட்டை நான் கழிக்கவில்லை. தம்பிக்கு அதில் வருத்தம். வைப்பு நிதியோடு சேர்ந்த இ.டி.எல்.ஐ. காப்பீட்டில் 7 லட்சம் வரை கிடைக்கும், அதையும் கழிக்கவில்லை. இரண்டும் நல்லவை, இருக்கட்டும். ஆனால் இரண்டும் வேலையோடு கட்டுண்டவை. ஆர்டர் குறைந்து ஆள் குறைப்பு நடப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. வேலை போன மாதங்களில் ஒருவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தால் அந்த 27 லட்சமும் இல்லை. வேலை போன பிறகு, கூடிய வயதில், குன்றிய உடல்நிலையில் புதிதாக டேர்ம் பாலிசி கேட்டால் நிறுவனங்கள் தயங்கும். விபத்துக் காப்பீட்டையும் கழிக்காதீர்கள். அது விபத்துக்கு மட்டும்தான் பணம் தரும். மனைவிக்கு வைப்பு நிதித் திட்டத்தில் வரும் குடும்ப ஓய்வூதியம் சிறு தொகை. அதை உபரியாக விட்டுவிட்டேன்.

1 கோடியே 73 லட்சத்தில் 12 போக 1 கோடியே 61 லட்சம். அந்த எண்ணைப் பார்த்துத் தம்பி மலைத்துப்போனார். சம்பளத்தைப் போலப் பத்து மடங்கு என்றால் 79 லட்சம்தான். அதைப் போல இரண்டு மடங்கு அல்லவா இது?

அப்போதுதான் ஒரு கேள்வியை அம்மிணியிடம் நேராகக் கேட்டேன். நீங்கள் வேலைக்குப் போவீர்களா? இந்தக் கேள்வியை ஆண்களிடம் கேட்கவே கூடாது. “அதெல்லாம் அவ பார்த்துக்குவா” என்று ஒருவர் சொல்வார், “அவளை வேலைக்கு அனுப்ப மாட்டேன்” என்று இன்னொருவர் சொல்வார். சொல்ல வேண்டியவர் அந்தப் பெண். இவர் கொஞ்ச நேரம் யோசித்தார். மகள் பெரிய பள்ளிக்குப் போன பிறகு போவேன், ஆனால் பத்து வருடத்துக்கு மேல் கணக்கில் வைக்காதீர்கள், உடம்பு எப்படி இருக்குமோ என்றார். மாதம் 12,000 கையில் நிற்கும் என்று வைத்தால் வருடத்துக்கு 1.44 லட்சம், பத்து வருடத்துக்கு 14.4 லட்சம். அதையும் கழித்தால் 1 கோடியே 46 லட்சத்துச் சொச்சம். ஒன்றரைக் கோடி என்று முழுமையாக்கினோம். முப்பதுகளின் தொடக்கத்தில் இருப்பவருக்கு வருட வருமானத்தைப் போல இருபது மடங்கு கொடுக்க நிறுவனங்கள் தயங்குவதில்லை, அதனால் அவர் சம்பளத்துக்கு இது கிடைக்கக்கூடிய தொகைதான்.

சம்பளம் கடைசியில் வருகிறது என்றேனே, இங்கேதான் வருகிறது: இந்தப் பிரீமியத்தை அவரால் விடாமல் கட்ட முடியுமா? புகைப்பழக்கம் இல்லாத, உடல்நலமுள்ள, முப்பதுகளின் தொடக்கத்தில் இருக்கும் ஒருவருக்கு, 60 வயதுவரை ஒரு கோடி ரூபாய் டேர்ம் பாலிசி வருடத்துக்கு ஏறக்குறைய பத்திலிருந்து பதினைந்தாயிரத்துக்குள் கிடைக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. ஒன்றரைக் கோடிக்கு என்று பார்த்தால், 5 லட்சத்துக்குக் கட்டும் பழைய எண்டோமென்டின் 2,200க்குக் கீழேயே மாதச் செலவு நிற்கும். அந்தப் பழைய பாலிசியை நிறுத்தச் சொல்லவில்லை. அது சேமிப்பும் கலந்தது, பாதியில் விட்டால் நட்டம். ஆனால் உயிர் காக்கும் வேலையை அதன் தலையில் வைக்க முடியாது.

எந்த வயதுவரை எடுப்பது என்பதற்கு 60 போதும் என்பது என் கருத்து. 85 வரை, 99 வரை என்று விற்கிறார்கள். ஆனால் தேவை வருடத்துக்கு வருடம் கரைகிறது. இவருக்கு 53 வயதாகும்போது வீட்டுக் கடன் இராது, மகள் படித்து முடித்திருப்பாள். மீதி நிற்பது மனைவியின் பிற்காலமும் அம்மாவும்தான். அதற்குள் வைப்பு நிதியும் வளர்ந்திருக்கும். சம்பாதிக்கும் காலம் முடிந்த பிறகு, சம்பாத்தியம் நின்றுபோகும் ஆபத்துக்குக் காப்பீடு கட்டுவதில் பொருளில்லை.

ஒன்றரைக் கோடியை ஒரே பாலிசியாக எடுக்க வேண்டாம் என்றேன். காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம் என்று ஒன்று உண்டு. அதன் 6ஆம் பிரிவின்படி, மணமான ஒருவர் மனைவி, பிள்ளைகளின் நலனுக்கென்று தம் உயிர்மேல் பாலிசி எடுத்தால் அது அவர்களுக்கான அறக்கட்டளை போல நிற்கும். கணவனின் கடன்காரர்கள் அதில் கைவைக்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே அதற்குரிய படிவத்தைக் கேட்டு நிரப்ப வேண்டும். பிறகு நினைத்துச் சேர்க்க முடியாது, பயனாளியை விருப்பம்போல் மாற்றவும் முடியாது. தொழில் செய்கிறவர்களும் ஜாமீன் போட்டவர்களும் இதைத் தவறவிடவே கூடாது. ஆனால் அந்தச் சட்டம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும்தான், தாய்க்கு இல்லை. கணக்கில் அம்மாவுக்கு எழுதிய 18 லட்சம் என்ன ஆவது? அதனால் 1 கோடியே 30 லட்சத்துக்கு ஒரு பாலிசி இந்தச் சட்டத்தின் கீழ் மனைவி, மகள் பெயரில். 20 லட்சத்துக்கு இன்னொரு பாலிசி, அம்மா நாமினியாக. மாமியாரும் மருமகளும் ஒரே காசோலையைப் பார்த்துக்கொண்டு உட்காரும் நிலை எவ்வளவு நல்ல குடும்பத்தையும் உடைக்கும். பணம் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்து அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மகள் போன்ற சிறு வயதுப் பிள்ளையை நாமினியாக எழுதினால், அவள் 18 ஆகும்வரை பணத்தை வாங்கிக்கொள்ளப் பெரியவர் ஒருவரையும் குறிக்க வேண்டும். அந்த இடம் காலியாக விடப்பட்ட படிவங்கள் ஏராளம். முன்மொழிவுப் படிவத்தில் சர்க்கரையையோ பீடியையோ மறைக்காதீர்கள். பாலிசி மூன்று வருடம் தாண்டிவிட்டால் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு குடும்பத்தைக் காக்கும். அதற்குள் ஏதாவது நேர்ந்தால், மறைத்த ஒரு வரிக்காக அத்தனையும் போகலாம். புகைப்பதைச் சொன்னால் பிரீமியம் கூடும், கூடட்டும்.

கூட்டத்தில் பெண்களைப் பார்த்து ஒன்று கேட்கிறேன். உங்கள் உயிருக்கு எவ்வளவு? வேலைக்குப் போகிறவர்கள் இதே கணக்கைத் தங்கள் சம்பளத்தில் எந்தச் செலவு நடக்கிறதோ அதை வைத்துப் போடுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்குச் சம்பளம் இல்லை என்பதால் தொகை சுழி ஆகிவிடாது. இந்த அம்மிணி இல்லாவிட்டால் மகளைப் பார்த்துக்கொள்ள ஆள், சமையலுக்கு ஆள் என்று மாதம் 10,000 ஆகும். மகளுக்கு 13 வயது ஆகும்வரை பத்து வருடம் வைத்தால் 12 லட்சம். தம்பி இரவு ஷிப்மென்ட் வேலைகளை விட்டு, குறைந்த சம்பள வேலைக்கு மாறவேண்டி வரலாம், அதற்கும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். அம்மிணிக்கு 25 லட்சத்துக்கு எடுத்தார்கள். வீட்டில் இருக்கும் பெண்களுக்கு, கணவரின் வருமானத்தையும் பாலிசியையும் பார்த்துத்தான் நிறுவனங்கள் கொடுக்கின்றன, அதனால் முதலில் கணவருடையதை முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடம் கழித்து அம்மிணி தொலைபேசியில் பேசினார். இரண்டாவது பையன் பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்தக் கணக்குத் தாளை அவரே எடுத்து வைத்துத் திருத்தியிருக்கிறார். சீட்டு முடிந்துவிட்டது, அந்த வரியை அடித்துவிட்டார். நகையை மீட்டாயிற்று. வீட்டுக் கடன் 27 லட்சத்துக்குச் சற்றுக் கீழே வந்திருந்தது; இரண்டு வருடம் தவணை கட்டியும் இவ்வளவுதான் குறையுமா என்று வருத்தப்பட்டார். முதல் வரிதான் பெரிதாக மாறியிருந்தது. மாதம் 24,000 இப்போது 30,000. பையன் படித்து முடிக்க 22 வருடம். 3.6 லட்சத்தை 22ஆல் பெருக்கி 79.2 லட்சம் என்று எழுதியிருந்தார், முன்பு 57.6. வேலைக்குப் போவதும் மூன்று வருடம் தள்ளிப்போகும் என்று ஓரத்தில் குறித்திருந்தார்.

“இன்னும் ஒரு இருபத்தஞ்சு லட்சம் வேணும்னு வருதுங்க ஐயா. என் கணக்குச் சரிதானா?” என்றார்.

இரண்டாவது குழந்தைக்கான படிப்புச் செலவு வரி விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்க்கச் சொன்னேன். பாலிசி எடுத்தபோதே, குழந்தை பிறந்தால் புது மருத்துவப் பரிசோதனை இல்லாமல் தொகையைக் கூட்டிக்கொள்ளும் வசதியைக் கேட்டு வாங்கியிருந்தோம். அதற்குக் காலவரம்பு உண்டு, பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த வாரமே கடிதம் கொடுங்கள் என்று சொன்னேன்.

உங்கள் இருக்கையில் ஒரு வெள்ளைத் தாள் வைத்திருக்கிறோம். முதல் வரியாக உங்கள் வீட்டின் மாதச் செலவை எழுதுங்கள், தவணையைச் சேர்க்காமல். துணையோடு வராதவர்கள் அந்த ஒரு வரியோடு நிறுத்திவிட்டு, மீதியை வீட்டில் போய் எழுதுங்கள். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.